வாங்குபவரின் கணக்கு: தேர்வாய் கண்டிகைக் கடைத்தெருவும் இணக்க வரித் திட்டமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. திட்டத்தின் இயல்பு

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, சிறு வணிகருக்கென்று அதன் 10ஆம் பிரிவில் தனி வழி ஒன்று வகுக்கப்பட்டது. வணிகர் தம் ஒவ்வொரு விற்பனைக்கும் உரிய வரியைத் தனித்தனியே கணக்கிடாமல், மொத்த விற்பனைத் தொகையாகிய விற்றுமுதலில் ஒரு நிலையான விழுக்காட்டைத் தம் கையிலிருந்து செலுத்திவிடுவதே அந்த வழி. இதனை இணக்க வரித் திட்டம் என்பர். கடைத்தெருவில் அது காம்போசிஷன் என்றே வழங்குகிறது. பொருள் விற்கும் வணிகருக்கு அந்த விகிதம் 1 விழுக்காடு. அதில் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் சேரும். முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 1.5 கோடி ரூபாயைத் தாண்டாதவர் இதனைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் நிலவும் வரம்பு.

இந்தச் சலுகைக்கு மாற்றாக வணிகர் இரண்டு உரிமைகளை விட்டுக்கொடுக்கிறார். வாங்குபவரிடம் வரி என்று தனியாக ஒரு பைசாவும் வசூலிக்கக் கூடாது என்பது ஒன்று. தாம் சரக்கு வாங்கியபோது மொத்த வணிகருக்குச் செலுத்திய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை இல்லை என்பது மற்றொன்று. இவ்வாறு கழித்துக்கொள்ளும் தொகைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். முன்னவர் கட்டிய வரியைப் பின்னவர் கழித்துக்கொண்டே போவதால், இறுதியில் நுகர்வோர் வரை வரிமேல் வரி ஏறாமல் இருப்பதே சரக்கு மற்றும் சேவை வரியின் அடிப்படை. இணக்க வரி செலுத்தும் கடை அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாக இருந்துகொண்டே சங்கிலியைத் தன்னோடு நிறுத்திவிடுகிறது. அதற்கு முன் கட்டப்பட்ட வரி முழுவதும் சரக்கின் விலைக்குள் புதைந்துவிடுகிறது.

விற்றுமுதலில் சிறு விழுக்காட்டை வரியாகக் கட்டுவது தமிழ்நாட்டு வணிகருக்குப் புதிதன்று. ராஜாஜியின் அமைச்சரவை 1939இல் கொண்டுவந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டமே ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்கும் 20,000 ரூபாய்க்கும் இடைப்பட்ட கடைக்கு மாதம் 5 ரூபாய் என்றும், அதற்கு மேற்பட்டதற்கு அரை விழுக்காடு என்றும்தான் தொடங்கியது. பின்னர் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்புக்கூட்டு வரியிலும், 50 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த விற்றுமுதல் உடையவர் அரை விழுக்காடு கட்டும் வழி இருந்தது. ஆனால் 1939இல் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி என்று ஒன்று இல்லை. முன்கட்ட விற்பனையில் விலைக்குள் ஏறிய வரியும் அதே அரை விழுக்காட்டு அளவே. இன்று கடைக்காரர் கட்டும் 1 விழுக்காட்டுக்குக் கீழே, அவர் வாங்கும்போதே கட்டிய 5 அல்லது 18 விழுக்காடு கிடக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் திட்டத்தைத் தவறாக எடைபோடுகிறார்கள்.

விகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய திட்டம் அன்று இது, வாங்குபவர் யார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய திட்டம் என்பதே இச்சொற்பொழிவின் கருத்து. அதனை விளக்குவதற்குத் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகையைப் போன்று பொருத்தமான இடம் அரிது. சிப்காட் தொழிற்பூங்காவும் அதில் மிஷெலின் டயர் ஆலையும் அமைந்துள்ள இவ்வூரின் கடைத்தெருவுக்கு ஒரு பக்கம் சுற்றுவட்டக் கிராமத்தாரும் ஆலைத் தொழிலாளரும் வருகிறார்கள். மறுபக்கம் ஆலைகளுக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் வருகிறார்கள். சற்றுத் தொலைவில் ஆந்திர எல்லை இருப்பதால் சத்தியவேடு பக்கத்திலிருந்தும் ஆள் வருவதுண்டு. இம்மூவகை வாங்குநருக்கும் இத்திட்டம் மூன்று வெவ்வேறு விதமாகப் பொருள்படுகிறது.

2. பத்து ரூபாய்ப் பொட்டலம்

முதல்வகை வாங்குநர் தம் வீட்டுக்குச் சாமான் வாங்குபவர். அவருக்கு வரி வரவு தேவையில்லை. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையே அவருக்கு விலை. அந்த விலைக்குள் எல்லா வரியும் அடங்கியிருப்பதால், கடைக்காரர் எந்த முறையில் வரி கட்டினாலும் வாங்குபவர் கொடுப்பது மாறாது. மாறுவது கடைக்காரரின் இலாபமே.

ஒரு மளிகைக் கடை 10 ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தை வரி உட்பட 9 ரூபாய்க்கு வாங்கி விற்கிறது என்று கொள்வோமாயின், கணக்கு எளிதாகப் புலப்படும். பிஸ்கட்டுக்கு 18 விழுக்காடு வரி இருந்த காலத்தில், வழக்கமான முறையில் வரி கட்டும் கடை, 10 ரூபாய்க்குள் அடங்கிய வரியிலிருந்து 9 ரூபாய்க்குள் அடங்கிய வரியைக் கழித்து, ஏறத்தாழ 15 பைசா கட்டியது. இணக்க வரி செலுத்தும் கடைக்கு 10 ரூபாயில் 1 விழுக்காடாகிய 10 பைசாதான் வரி. ஆகவே ஒரு ரூபாய் இலாபத்தில் முன்னவருக்கு 85 பைசாவும் பின்னவருக்கு 90 பைசாவும் மிஞ்சின. கணக்கெழுதும் சுமையும் குறைவு, இலாபமும் கூடுதல் என்ற நிலையில் சிறு கடைகள் இத்திட்டத்தை நாடியதில் வியப்பில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் திருத்தப்பட்டபோது பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியன 18 விழுக்காட்டிலிருந்தும், நெய், வெண்ணெய் போன்றவை 12 விழுக்காட்டிலிருந்தும் 5 விழுக்காட்டுக்கு இறங்கின. இணக்க வரியின் 1 விழுக்காடு மட்டும் அப்படியே நின்றது. அதே பொட்டலம் அதே விலைக்கு விற்கப்பட்டால், வழக்கமான முறையில் கட்ட வேண்டியது இப்போது ஏறத்தாழ 5 பைசா. இணக்க முறையில் கட்ட வேண்டியது பழைய 10 பைசாவே. ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்க்கு இத்தகைய சரக்கு விற்கும் கடையில் இதனைப் பெருக்கிப் பார்த்தால், முன்பு இணக்க முறையால் ஏறத்தாழ 31,000 ரூபாய் மிச்சம் பிடித்த கடை, இப்போது அதே முறையால் ஏறத்தாழ 31,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறது. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் விற்கும் சரக்கின் விகிதம் மாறியதால் அவர் தேர்ந்த முறையின் பலன் தலைகீழாயிற்று.

இதிலிருந்து ஒரு பொது அளவுகோல் கிடைக்கிறது. விற்பனை விலை 100 ரூபாயில் கடைக்காரருக்கு நிற்கும் இலாபம், 18 விழுக்காட்டுச் சரக்காயின் ஏறத்தாழ ஆறரை ரூபாய்க்கு மேலும், 5 விழுக்காட்டுச் சரக்காயின் 21 ரூபாய்க்கு மேலும் இருந்தால்தான் இணக்க முறையில் கட்டும் வரி குறைவாகும். மளிகையில் 100க்கு 21 ரூபாய் நிற்பது அரிது என்பதைக் கடை வைத்தோர் அறிவர். இருசக்கர வண்டி உதிரிப் பாகங்களோ குழாய்ச் சாமானோ விற்கும் கடையில் ஆறரை ரூபாய் நிற்பது எளிது. ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்துள்ள இரு கடைகளுக்கு இந்த ஒரே திட்டம் எதிரெதிரான பலனைத் தரக்கூடும்.

இக்கணக்கில் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். உதிரி அரிசி, காய்கறி முதலான வரிவிலக்குப் பொருள்களின் விற்பனை, 1.5 கோடி வரம்பைக் கணக்கிடும்போது சேர்க்கப்படும். ஆனால் பொருள் வாங்கி விற்கும் வணிகர் 1 விழுக்காடு வரியை வரிக்குட்பட்ட சரக்கின் விற்பனைக்கு மட்டும் கட்டினால் போதும். தாமே உற்பத்தி செய்து விற்பவருக்கோ விலக்குப் பொருளையும் சேர்த்து முழு விற்றுமுதலுக்கும் வரி உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் உதிரி அரிசி விற்பனைக்கும் சேர்த்து வரி கட்டும் வணிகர் தேவையின்றி இழக்கிறார்.

3. ஆலை வாசலில்

இரண்டாம்வகை வாங்குநர் ஆலையும் அதன் ஒப்பந்தக்காரர்களும். தொழிற்பூங்காச் சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரிடம் குழாய், வால்வு, வெல்டிங் ராடு வாங்க வரும் ஒப்பந்தக்காரர் முதலில் கேட்பது "ஜிஎஸ்டி பில் கிடைக்குமா?" என்பதே. இணக்க வரி செலுத்தும் கடை வரி விலைப்பட்டியல் தர முடியாது. வரி காட்டாத வழங்கல் பட்டியல் மட்டுமே தரலாம். இன்னார் இணக்க முறையில் வரி செலுத்துபவர், விற்பனையின்மேல் வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் இருக்க வேண்டும். இணக்க முறை வணிகர் என்ற அறிவிப்பும் கடையின் பெயர்ப்பலகையில் கண்ணில் படுமாறு இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்புவதற்குக் காரணம் உண்டு.

100 ரூபாய் அடக்க விலையுள்ள வால்வு ஒன்றைக் கடைக்காரர் 18 விழுக்காடு வரியுடன் 118 ரூபாய்க்கு வாங்குகிறார் என்றும், அதில் அவருக்கு 12 ரூபாய் நிற்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், வழக்கமான முறையில் அவர் 112 ரூபாய் விலையும் 20.16 ரூபாய் வரியுமாக 132.16 ரூபாய்க்கு விற்பார். அந்த 20.16 ரூபாயை ஒப்பந்தக்காரர் தம் வரியில் கழித்துக்கொள்வதால் அவருக்கு வால்வின் உண்மை விலை 112 ரூபாய். இணக்க முறையில் விற்பவரோ, தாம் கட்டிய 118 ரூபாயும், வேண்டிய 12 ரூபாயும், 1 விழுக்காடு வரியும் சேர்ந்து அடங்க 131.31 ரூபாய் கேட்பார். வீட்டுக்கு வாங்குபவருக்கு இது 85 பைசா மலிவு. கழித்துக்கொள்ள எதுவும் இல்லாத காரணத்தால் ஒப்பந்தக்காரருக்கோ இது 19.31 ரூபாய் அதிகம். இணக்க முறைக் கடை அவரைத் தக்கவைக்க வேண்டுமாயின் வால்வை 112 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். அதாவது தான் வாங்கிய 118 ரூபாய்க்கும் கீழே விற்க வேண்டும். பேரம் பேசிச் சரிக்கட்டக்கூடிய இடைவெளி அன்று இது.

ஆயினும் பதிவு பெற்ற வாங்குநர் எல்லாரும் இவ்வாறு என்று கொள்வதும் தவறாகும். ஆலையில் தொழிலாளருக்குச் சமைத்துப் போடும் கேன்டீன் ஒப்பந்தக்காரர் பொதுவாக உள்ளீட்டு வரி வரவு இன்றி 5 விழுக்காடு வரி கட்டும் முறையில் இருக்கிறார். பருப்பும் எண்ணெயும் வாங்கும்போது கட்டிய வரியை அவர் எப்படியும் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அவருக்கு இணக்க முறைக் கடையும் வழக்கமான கடையும் ஒன்றே. யார் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆகவே கேட்க வேண்டியது, வாங்குபவரிடம் பதிவு எண் இருக்கிறதா என்பதன்று. அவர் அந்த வரியைக் கழித்துக்கொள்ளக்கூடியவரா என்பதாகும்.

கடையின் விற்பனையில் ஒரு பகுதி வீடுகளுக்கும் ஒரு பகுதி ஆலைகளுக்கும் போகுமானால், முன்னதை இணக்க முறையிலும் பின்னதை வழக்கமான முறையிலும் நடத்தலாகாதா என்ற எண்ணம் இயல்பாக எழும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணின்கீழ் உள்ள பதிவுகள் அனைத்தும் ஒரே முறையில்தான் இருக்க வேண்டும். குடும்பத்தில் மற்றொருவர் பெயரில் தனிக் கடை தொடங்குவது, சரக்கும் கணக்கும் வங்கிக் கணக்கும் உண்மையாகவே தனித்தனியாக இருந்தால் தவறன்று. ஒரே கல்லாப்பெட்டியை இரண்டு பெயரில் காட்டுவதாயின் அது ஆய்வில் நிற்காது.

4. எல்லைக்கு அப்பால் ஒரு வரி

மூன்றாம்வகை வாங்குநர் ஆந்திரத்திலிருந்து வருபவர். இணக்க முறையில் உள்ளவர் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. குண்டூரிலிருந்து மிளகாய் தருவிக்கும் கடைக்கு இதனால் தடையில்லை. சத்தியவேட்டில் உள்ள கடைக்குத் தம் வண்டியில் அனுப்பினாலோ, எல்லைக்கு அப்பாலுள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இறக்கினாலோ, அந்த ஒரே விற்பனையால் தகுதி போய்விடும்.

நுட்பமான சிக்கல் கடைக்கே நேரில் வந்து வாங்குபவரிடம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தத்தின்படி, பதிவு பெறாத ஒருவருக்குப் பொருள் விற்கும்போது, பட்டியலில் அவருடைய முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரி உள்ள மாநிலமே விற்பனை நிகழ்ந்த இடம். முகவரி எழுதப்படாவிட்டால் கடை உள்ள இடமே விற்பனை இடம். முழு முகவரி வேண்டியதில்லை; மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். சத்தியவேட்டிலிருந்து வந்து ரொக்கம் கொடுத்து ஒரு மின்மோட்டாரை எடுத்துப்போகும் உழவருக்குப் பெயர் மட்டும் எழுதிய பட்டியல் கொடுத்தால் அது தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை. உத்தரவாத அட்டைக்காக அவர் கேட்டார் என்று பட்டியலில் ஊரையும் ஆந்திரப் பிரதேசம் என்ற மாநிலப் பெயரையும் எழுதிவிட்டால், அதே விற்பனை மாநிலங்களுக்கு இடையிலானதாகிவிடுகிறது. கல்லாவில் இருக்கும் பையன் எழுதும் ஒரு வரியில் கடையின் வரிநிலை மாறிவிடக்கூடும் என்பதை எல்லையோரக் கடைக்காரர்கள் அறிந்திருப்பது இன்றியமையாதது. வணிக வரிச் சோதனைச் சாவடிகள் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டன என்றாலும், எல்லைக்கோடு பட்டியல் புத்தகத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறது.

5. உள்ளே வருவதும் வெளியேறுவதும்

இத்திட்டத்துக்குள் வருவதற்கு ஆண்டில் ஒரு வாசல்தான் உண்டு. ஏற்கெனவே பதிவு பெற்ற வணிகர், நிதியாண்டு பிறக்கும் முன் மார்ச் 31க்குள் CMP-02 என்னும் படிவத்தை இணையத்தில் அளிக்க வேண்டும். அன்று கையிருப்பில் உள்ள சரக்குக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்ட வரி வரவைத் திருப்பிக் கட்டி, ITC-03 படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 நாளுக்குள் அளிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு காலாண்டும் முடிந்தபின் அடுத்த மாதம் 18ஆம் நாளுக்குள் CMP-08 படிவத்தில் விற்றுமுதலைக் காட்டி வரியைக் கட்டினால் போதும். ஆண்டறிக்கையாகிய GSTR-4 படிவத்துக்கு, 2024-25 நிதியாண்டு முதல் ஜூன் 30 கடைசி நாள்.

வெளியேறும் வாசல் எந்த நாளும் திறந்திருப்பது. சில வேளை வணிகர் அறியாமலே அதைத் தாண்டிவிடுகிறார். ஆலைக்கு வேலை கூடியதால் ஒரு ஹார்டுவேர் கடையின் அவ்வாண்டு விற்றுமுதல் ஜனவரி 20 அன்று 1.5 கோடியைத் தாண்டுவதாகக் கொண்டால், அந்நாளிலேயே திட்டம் அக்கடைக்கு முடிந்துவிடுகிறது. ஏழு நாளுக்குள் CMP-04 அளிக்க வேண்டும். அந்நாள் முதல் வரி விலைப்பட்டியல் எழுதி வரி வசூலிக்க வேண்டும். அன்று கையிருப்பில் 12 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்து, அதற்கு 18 விழுக்காடு வரி கட்டப்பட்டிருந்தால், 2.16 லட்சம் ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். அதற்கு ITC-01 படிவத்தை 30 நாளுக்குள் அளிக்க வேண்டும். வாங்கிய பட்டியல்கள் ஓராண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். தொகை 2 லட்சத்தைத் தாண்டுவதால் பட்டயக் கணக்காளரின் சான்றும் வேண்டும்.

இழப்பு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். வரம்பு தாண்டியதை மார்ச் மாதக் கணக்கில்தான் கடைக்காரர் கவனிக்கிறார் என்றால், ஜனவரி 20 முதல் விற்ற சரக்குக்கெல்லாம் வழக்கமான விகிதத்தில் வரி கட்ட வேண்டும். அதை வாங்கியவர்களிடம் இனிப் போய்க் கேட்க முடியாது. 30 நாள் கடந்துவிட்டதால் கையிருப்புக்கான வரவும் கைவிட்டுப் போகலாம். வட்டியும் தண்டமும் அதன்மேல் சேரும். இணக்க முறையில் உள்ளவருக்கு உள்ளீட்டு வரவு இல்லை என்பதால் வாங்கிய பட்டியல்களைப் பேணத் தேவையில்லை என்று எண்ணுவது இதனால்தான் ஆபத்து. என்றோ வெளியேற நேரும் நாளில் அந்தப் பட்டியல்களே பணம். மாதந்தோறும் கடைசி நாளில், ஏப்ரல் முதல் அன்றுவரையுள்ள விற்பனையைக் கூட்டி ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் ஒன்றே இந்த இழப்பைத் தடுக்கப் போதுமானது. விலக்குப் பொருள் விற்பனையும் அந்தக் கூட்டலில் சேர வேண்டும்.

6. தேர்வின் இலக்கணம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், கடைக்காரர் மார்ச் மாதத்தில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று என்பது தெளிவாகிறது. தம்மிடம் வாங்குவோரில் வரியைக் கழித்துக்கொள்ளக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது முதற்கேள்வி. அவர்கள் கணிசமாக இருந்தால், அல்லது வரும் ஆண்டில் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமிருந்தால், இணக்க முறை அந்தக் கதவை அடைத்துவிடும். தம் சரக்கில் பெரும்பகுதி எந்த விகிதத்தைச் சேர்ந்தது, அதில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எல்லைக்கு அப்பால் ஒரு விற்பனையேனும் நேரக்கூடுமா என்பது மூன்றாவது.

இம்மூன்று கேள்விகளிலும் விகிதம் இரண்டாவதில் மட்டும்தான் வருகிறது என்பது கருதத்தக்கது. சட்டம் சிறு வணிகரை விற்றுமுதலின் அளவால் வரையறுக்கிறது. ஆனால் அவரது வரியின் உண்மைச் சுமையைத் தீர்மானிப்பது அவர் யாருக்கு விற்கிறார் என்பதாகும். கிராமத்துத் தெருவில் 70 லட்சம் ரூபாய்க்கு உதிரிப் பாகம் விற்பவருக்கு நிழலாக இருக்கும் திட்டம், அதே 70 லட்சம் ரூபாய்க்கு ஆலை வாசலில் வால்வு விற்பவருக்கு வேலியாகிவிடுகிறது. தொழிற்பூங்கா வந்த ஊர்களில் உள்ளூர்க் கடைகளுக்கு ஆலையிலிருந்து ஏன் வேலை கிடைப்பதில்லை என்று வருந்துவோர், விலையையும் தரத்தையும் ஆராய்வதோடு, அக்கடைகள் எழுதும் பட்டியலின் தலைப்பையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பருக்குப்பின் 5 விழுக்காட்டுச் சரக்கு பெருகியுள்ள நிலையில், 1 விழுக்காடு என்ற விகிதத்தை மறுபடி எடைபோட வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு; 18 விழுக்காட்டுச் சரக்கை எதிரில் வைத்துப் பார்த்தபோது சலுகையாக நின்ற அதே விகிதம், இன்று 5 விழுக்காட்டு மளிகைக்கு வழக்கமான முறையைவிடக் கூடுதல் வரியாக நிற்கிறது.